மேசை விரிப்பிலும் பாலிஷ் போட்ட மர மேசையிலும் மெழுகு சிந்தினால்: அறிகுறி பார்த்து எடுக்கும் முறை

எங்கள் அத்தை வீடு பாளையங்கோட்டையில் இருக்கிறது. சாப்பாட்டு மேசை தேக்கு. தாத்தா காலத்தில் அரக்கைச் ஸ்பிரிட்டில் கரைத்துக் கையால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய பாலிஷ் இன்னும் அதில் இருக்கிறது. மேசையின் ஓர் ஓரத்தில் இஸ்திரிப் பெட்டியின் மூக்கு வடிவத்தில் வெளிறிய தடம் ஒன்றும் உண்டு. பல வருடங்களுக்கு முன் விரிப்பில் மெழுகு சிந்தியபோது, விரிப்பை எடுக்காமல் அப்படியே மேசை மேல் காகிதத்தை வைத்து இஸ்திரி போட்டுவிட்டார்கள். விரிப்பில் இருந்த மெழுகு போனது. மேசையில் தடம் நின்றுவிட்டது.

போன கிறிஸ்துமஸ் இரவு அதே மேசையில் சிவப்பு மெழுகுவத்தி ஒன்று சாய்ந்தது. வெள்ளைப் பருத்தி விரிப்பு, ஓரத்தில் கையால் பின்னிய லேஸ். உள்ளங்கை அகலத்துக்கு மெழுகு பரவி, துணி வழியாக இறங்கி மேசையையும் தொட்டுவிட்டது. இந்த முறை இரண்டையும் காப்பாற்றினோம். அந்த அனுபவத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். துணியில் இறங்கிய மெழுகுக்குச் சூடு மருந்து. பாலிஷுக்கு அதே சூடு விஷம். சாதாரண மெழுகுவத்தி ஐம்பது, அறுபது டிகிரியிலேயே உருகிவிடும். இஸ்திரிப் பெட்டியில் மிகக் குறைந்த சூடான ஒரு புள்ளியே ஏறத்தாழ 110 டிகிரி. அரக்குப் பாலிஷ் அதற்கு வெகு முன்பே இளகத் தொடங்கிவிடும். அதனால் துணிக்குச் செய்கிற வைத்தியத்தை மேசை மேல் வைத்துச் செய்யவே கூடாது. முதலில் இரண்டையும் பிரிக்க வேண்டும்.

மெழுகு இன்னும் இளகலாக இருக்கிறது

துடைக்காதீர்கள். எல்லோருடைய கையும் முதலில் அங்கேதான் போகும். துடைத்தால் ஒரு ரூபாய் அகலத்தில் இருந்தது ஒரு சாண் அகலத்துக்குப் பரவும், நூலுக்குள்ளும் ஆழமாக இறங்கும். மெழுகுவத்தியை நிமிர்த்தி அணைத்துவிட்டு, பாத்திரங்களை நகர்த்திவிட்டு, அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். இறுகிய மெழுகு துணியையோ மரத்தையோ அரிக்காது. இரவில் சிந்தியதைக் காலையில் எடுப்பதே நல்லது என்பேன். நம் ஊர் வெக்கையில் மத்தியான நேரத்தில் மெழுகு பிசுபிசுப்பாக, வளைந்து கொடுக்கும். விடிகாலையில் அதே மெழுகு நகம் பட்டாலே உடையும். சாயம் போட்ட மெழுகை மட்டும் வாரக்கணக்கில் விட்டுவைக்க வேண்டாம்.

விரிப்பு மேசையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது

மெழுகு துணிக்கு அடியில் இறங்கி இறுகியிருந்தால் இப்படி ஆகும். ஒரே இழுப்பாக இழுத்தால் பழைய பாலிஷ் சில்லாகப் பெயர்ந்து துணியோடு வரலாம். ஒட்டாத பக்கத்திலிருந்து விரிப்பைத் தூக்கி, மெழுகு இருக்கும் இடம் வரை சுருட்டுங்கள். பிறகு காலாவதியான ஏடிஎம் அட்டை ஒன்றைத் துணிக்கும் மேசைக்கும் நடுவே கிட்டத்தட்டப் படுக்கையாக நுழைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுங்கள். அட்டை செல்கிற திசை மரத்தின் ரேகை ஓடும் திசையாக இருக்கட்டும். குறுக்காகத் தள்ளினால் கீறல் பளிச்சென்று தெரியும்.

அட்டை நுழையவில்லை என்றால் மெழுகு இன்னும் இளகலாக இருக்கிறது என்று அர்த்தம். ஐஸ் கட்டிகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, அதைக் காய்ந்த துண்டில் சுற்றி, துணியின் மேல் இரண்டு நிமிடம் வையுங்கள். அதற்கு மேல் வேண்டாம். ஈரக்காற்றுள்ள ஊர்களில் பையின் வெளிப்பக்கம் வேர்த்து நீர் வடியும். அந்த நீர் அரக்குப் பாலிஷில் வெள்ளைத் திட்டை உண்டாக்கும். ஐஸை எடுத்த கையோடு அந்த இடத்தைக் காய்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

அத்தை வீட்டில் ஐஸே தேவைப்படவில்லை. காலை ஆறு மணிக்கு அட்டையை நுழைத்ததும் மெழுகு சன்னமான சத்தத்தோடு விட்டு வந்தது.

துணியில் மெழுகு கெட்டியாக மேடு கட்டி நிற்கிறது

விரிப்பை மேசையிலிருந்து எடுத்தாகிவிட்டது. இனி வேலை வேறு இடத்தில். மெழுகுள்ள பகுதி வெளியே தெரியும்படி மடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, ஃப்ரீசரில் முக்கால் மணி நேரம் வையுங்கள். எடுத்ததும் அந்த இடத்தை இரண்டு கையாலும் பிடித்து மடக்கினால் மெழுகு பொரிந்து உதிரும். மீதியை அட்டையின் விளிம்பால் அல்லது மேசைக் கத்தியின் மழுங்கிய முதுகால் சுரண்டலாம். கூரான கத்தி நூலை அறுத்துவிடும்.

இந்தச் சுரண்டலுக்குப் பொறுமையாக நேரம் கொடுங்கள். இங்கே எவ்வளவு மெழுகு உதிர்கிறதோ அவ்வளவும் பிறகு உருகித் துணிக்குள் இறங்காமல் தப்பிக்கிறது. சிவப்பு, பச்சை மெழுகு என்றால் இது இன்னும் முக்கியம். உருகும் மெழுகு சாயத்தையும் சேர்த்து நூலுக்குள் கொண்டுபோய்விடும். லேஸ் பின்னலில் சுரண்ட முடியாது. அதை ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு விரல்களுக்கு நடுவே வைத்துக் கசக்கினால் கண்ணிகளில் இருக்கும் மெழுகு தூளாகக் கொட்டும்.

மெழுகோடு துணியை வாஷிங் மெஷினில் போட வேண்டாம். தண்ணீரும் சோப்பும் மெழுகைக் கரைக்காது. வெந்நீரில் உருகி மற்ற துணிகளில் ஒட்டும், குழாயில் போய் இறுகும்.

மேடு போய்விட்டது, ஆனால் துணி விறைப்பாக, எண்ணெய் பட்டதுபோல் ஊடுருவித் தெரிகிறது

நூலுக்குள் இறங்கிய மெழுகு இதுதான். இப்போதுதான் இஸ்திரிப் பெட்டி. இஸ்திரி போடும் பலகையில், அல்லது தரையில் பழைய போர்வையை மடித்துப் போட்டு, அதன் மேல் நான்கைந்து காகிதங்களை அடுக்குங்கள். மளிகைக் கடையில் கிடைக்கும் பழுப்புக் காகிதம் நல்லது. உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு இல்லாததா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய வெள்ளை வேட்டித் துணி இன்னும் நன்றாக உறிஞ்சும். செய்தித்தாள் வேண்டாம், சூட்டில் அதன் மை வெள்ளைத் துணியில் ஏறிவிடும்.

விரிப்பைக் கறைப் பக்கம் கீழாகக் காகிதத்தின் மேல் விரியுங்கள். மேலேயும் ஒரு காகிதம். பெட்டியை ஒரு புள்ளிச் சூட்டில் வைத்து, நீராவியை அணைத்துவிட்டு, தேய்க்காமல் மேலிருந்து அழுத்துங்கள். ஐந்தாறு விநாடி போதும். நீராவியை அணைக்கச் சொல்வதற்குக் காரணம், ஈரமான காகிதம் மெழுகை உறிஞ்சாது. தேய்க்காமல் அழுத்தச் சொல்வது, உருகிய மெழுகு பக்கவாட்டில் பரவாமல் கீழே இறங்க வேண்டும் என்பதற்காக.

பெட்டியை எடுத்ததும் காகிதத்தைப் பாருங்கள். எண்ணெய்த் திட்டு தெரியும். உடனே விரிப்பை நகர்த்திக் காகிதத்தின் காய்ந்த பகுதிக்கு மாற்றுங்கள். நிறையப் பேர் தவறுவது இந்த இடத்தில்தான். ஒரே காகிதத்தில் திரும்பத் திரும்ப அழுத்தினால், காகிதம் குடித்த மெழுகு மறுபடி துணிக்கே வந்துவிடும். எங்கள் விரிப்புக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை இடம் மாற்ற வேண்டியிருந்தது. முதல் நான்கு தடவை காகிதத்தில் அடர் சிவப்பு. பிறகு இளஞ்சிவப்பு. கடைசி மூன்றில் வெறும் ஈரம் பட்டதுபோன்ற தடம். காகிதத்தில் ஒன்றுமே விழாமல் போகும் வரை நிறுத்த வேண்டாம்.

முடிந்ததா என்று தெரிந்துகொள்ள, துணி ஆறியபின் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். மற்ற இடத்தைவிட ஊடுருவித் தெரிந்தால் இன்னும் மெழுகு இருக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டும் பார்க்கலாம். சொட்டு உருண்டு நின்றால் மெழுகு மிச்சம், உடனே ஊறினால் சுத்தம்.

பாலியெஸ்டர் விரிப்பு என்றால் ஒரு புள்ளிக்கு மேல் கூட்டவே வேண்டாம். கூட்டினால் துணி பளபளத்துப்போகும், அதைத் திருப்ப முடியாது. பருத்திக்கு இரண்டு புள்ளி வரை கூட்டலாம். ஆனால் சாய மெழுகுக்குப் பருத்தியிலும் குறைந்த சூடே நல்லது.

மெழுகு போய்விட்டது, சிவப்பு மட்டும் நிற்கிறது

மெழுகும் சாயமும் இரண்டு வேறு கறைகள். மெழுகு போனால் சாயமும் போய்விடும் என்று நினைத்து விரிப்பை நேராகத் துவைத்தால் ஏமாற்றம்தான். மெழுகுவத்தியில் போடுவது பெரும்பாலும் எண்ணெயில் கரையும் சாயம். வெறும் தண்ணீருக்கு அது அசையாது, ஸ்பிரிட்டுக்கு அசையும்.

மருந்துக்கடையில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் என்று கேட்டால் சின்னப் பாட்டிலில் கொடுப்பார்கள். முதலில் விரிப்பின் மடிப்பு ஓரத்தில் ஒரு சொட்டு விட்டு, துணியின் சொந்தச் சாயம் கழலவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கறைக்கு அடியில் மடித்த வெள்ளைத் துணியை வைத்து, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் கறையின் பின்பக்கமிருந்து ஒற்றுங்கள். வெளி விளிம்பில் தொடங்கி நடுவுக்கு வந்தால் கறை பரவாது. கீழே உள்ள துணியில் இளஞ்சிவப்பு இறங்கும். அதை மாற்றி மாற்றி வைக்க வேண்டும். ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்போ எரியும் மெழுகுவத்தியோ பக்கத்தில் கூடாது. ஸ்பிரிட் பட்ட இடத்தில் மறுபடி இஸ்திரிப் பெட்டியை வைக்கவும் கூடாது.

சாயம் மங்கியதும் சலவைத் திரவத்தைக் கறையில் தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்டு வெதுவெதுப்பான நீரில் துவையுங்கள். அப்புறமும் வெள்ளைப் பருத்தியில் லேசான சாயல் இருந்தால், மருந்துக்கடையில் காயத்துக்குக் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை அந்த இடத்தில் மட்டும் ஒற்றி, அரை மணி நேரம் கழித்து அலசலாம். வண்ண விரிப்பில் இதைச் செய்ய வேண்டாம். அத்தையின் விரிப்பு ஸ்பிரிட்டோடும் ஒரு நாள் வெயிலோடும் தெளிந்துவிட்டது. லேஸில் ஒரு பூவில் மட்டும் உற்றுப் பார்த்தால் தெரியும் அளவுக்கு ஒரு சாயல் இருக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டோம். இன்னும் தேய்த்தால் நூல் போய்விடும்.

வேலை முடிந்ததும் அந்த ஸ்பிரிட் பாட்டிலை மேசைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். துணியில் இவ்வளவு நன்றாக வேலை செய்ததே என்று மேசையையும் அதே பஞ்சால் துடைக்கத் தோன்றும். அரக்குப் பாலிஷ் ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசியதுதான். ஸ்பிரிட் பட்டால் மறுபடி கரையும்.

மேசையில் மெழுகுத் துண்டு ஒட்டி நிற்கிறது

முதலில் உங்கள் மேசையில் இருப்பது என்ன பாலிஷ் என்று தெரிய வேண்டும். மேசைக் காலின் உள்பக்கம், கண்ணுக்குத் தெரியாத ஆனால் பாலிஷ் போட்ட இடத்தில், காது குடையும் பஞ்சுக் குச்சியால் ஸ்பிரிட் ஒரு சொட்டு வைத்து அரை நிமிடம் பொறுங்கள். அந்த இடம் பிசுபிசுத்து, பஞ்சில் பழுப்பு ஏறினால் அரக்குப் பாலிஷ். ஒன்றும் ஆகவில்லை என்றால் பெரும்பாலும் மெலமைன் அல்லது பியு போன்ற பிற்காலப் பூச்சு. அது கொஞ்சம் முரட்டுத்தனத்தைத் தாங்கும்.

எந்தப் பாலிஷானாலும் முதல் வேலை ஒன்றே. காலை நேரத்தில், அட்டையைப் படுக்கையாகப் பிடித்து, ரேகை ஓடும் திசையில் மெழுகின் அடியில் தள்ளுங்கள். அட்டையின் முனை கொம்பாகக் குத்தாமல் இருக்க, மூலைகளைக் கத்தரியால் வட்டமாக வெட்டிவிடுவது நல்லது. கத்தி, பிளேடு எதுவும் வேண்டாம்.

மெழுகு அசையவில்லை என்றால் மெலமைன், பியு பூச்சுள்ள மேசையில் மட்டும் முடி உலர்த்தும் கருவியைக் குறைந்த சூட்டில், ஒரு சாண் உயரத்தில், ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே காட்டலாம். இன்னொரு கையை மெழுகின் பக்கத்தில் மேசை மேல் வைத்திருங்கள். உங்கள் கைக்குப் பொறுக்காத சூடு பாலிஷுக்கும் பொறுக்காது. மெழுகு உருகி ஓட வேண்டியதில்லை, அட்டைக்கு வழிவிடும் அளவுக்கு இளகினால் போதும். அரக்குப் பாலிஷுக்கு இந்தச் சூடும் வேண்டாம். அங்கே கட்டைவிரலை ஒரு நிமிடம் மெழுகின் மேல் அழுத்தி வைத்தால் கிடைக்கும் சூடே போதுமானது.

துண்டு போய்விட்டது, மேசையில் மங்கலாகப் படலம் தெரிகிறது

இது மெழுகா, இல்லை பாலிஷே வெளுத்ததா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நகத்தால் மெல்ல இழுத்துப் பாருங்கள். நகத்தில் வெள்ளையாகச் சுருள் வந்தால் மெழுகு. விரலால் அழுத்தித் தேய்த்தால் படலம் நகர்ந்து இழுபட்டாலும் மெழுகுதான். நகத்துக்கு ஒன்றும் வராமல், மேற்பரப்பு வழவழவென்று இருந்து, உள்ளுக்குள் பால் கலங்கியதுபோல் தெரிந்தால் அது மெழுகு இல்லை. அடுத்த பகுதிக்குப் போங்கள்.

மெழுகுப் படலத்துக்கு டர்பன்டைன். பெயின்ட் கடையில் கிடைக்கும். கேட்கும்போது தெளிவாகக் கேளுங்கள். பக்கத்திலேயே தின்னர் என்ற டப்பாவும் இருக்கும். தின்னர் மெழுகோடு சேர்த்துப் பாலிஷையும் தூக்கிவிடும். டர்பன்டைன் மெழுகைக் கரைக்கும், காய்ந்து இறுகிய அரக்கைக் கரைக்காது. இந்த ஒரு குணத்தால்தான் பழைய மேசைகளுக்கு அது பொருந்துகிறது.

மென்மையான வெள்ளைத் துணியில் நாலைந்து சொட்டு விட்டு, ரேகையோடு துடையுங்கள். உடனே காய்ந்த துணியால் துடையுங்கள். துணியை மடித்துப் புதுப் பக்கத்துக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் மெழுகை ஓர் இடத்திலிருந்து எடுத்து இன்னோர் இடத்தில் பூசிக்கொண்டிருப்போம். மூன்று தடவைக்குள் அத்தை மேசை தெளிந்தது. டர்பன்டைன் துணியைச் சுருட்டிப் போடாமல் வெளியில் விரித்துக் காயவிட்டு அப்புறம் எறியுங்கள்.

துடைத்த இடம் மட்டும் மற்ற இடத்தைவிட மங்கலாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். மேசையில் மேலே போட்டிருந்த பளபளப்பு மெழுகையும் டர்பன்டைன் எடுத்துவிட்டது, அவ்வளவுதான். அந்த இடத்துக்கு மட்டும் போடாமல், மேசை முழுவதுக்கும் மரத்துக்கான வேக்ஸ் பாலிஷை மெலிதாகப் பூசி, பத்து நிமிடம் விட்டுத் தேய்த்தால் ஒரே நிறமாகிவிடும்.

வெள்ளைத் திட்டு அல்லது வளையம்

சூடோ ஈரமோ பாலிஷுக்குள் போய்விட்டது. மெழுகுக்கு இங்கே வேலை இல்லை, எவ்வளவு டர்பன்டைன் போட்டாலும் போகாது. முதலில் மூன்று நான்கு நாள் விட்டுப் பாருங்கள், மேலே விரிப்புப் போடாமல், மின்விசிறிக் காற்றுப் படும்படி. ஈரத்தால் வந்த திட்டு பல சமயம் தானே மறைந்துவிடும். மறையவில்லை என்றால் இரவில் வாசலின் கனமாகப் பூசிவிட்டுக் காலையில் துடைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று இரவு செய்தும் குறையவில்லை என்றால் சூடு ஆழமாக இறங்கியிருக்கிறது. அதற்குமேல் வீட்டு வைத்தியம் வேண்டாம்.

அத்தை வீட்டின் பழைய இஸ்திரித் தடம் இந்த வகைதான். பாலிஷ் போடுபவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "இதைத் தொட்டா முழு மேசையும் தொடணும்மா" என்றார். ஓரிடத்தில் மட்டும் அரக்கைக் கரைத்து ஏற்றினால் அந்த இடம் தனியாகத் தெரியும் என்று விளக்கினார். அத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மரத்தில் கருத்த புள்ளி

பாலிஷ் ஏற்கனவே விரிந்திருந்த இடத்தில் மெழுகு விழுந்தால், விரிசல் வழியாக வெறும் மரத்துக்குள் இறங்கி எண்ணெய் பட்டதுபோல் கருக்கும். டர்பன்டைனில் நனைத்துப் பிழிந்த பஞ்சை அந்த இடத்தில் ஒரு நிமிடம் வைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுப்பதை நாலைந்து முறை செய்தால் கொஞ்சம் வெளிவரும். முழுவதும் வராது. அந்த மேசைக்குப் புதுப் பாலிஷ் போடும் எண்ணம் இருந்தால், இங்கே மெழுகு இறங்கியிருக்கிறது என்று பாலிஷ்காரரிடம் முன்கூட்டியே காட்டிவிடுங்கள். மெழுகு மிச்சமுள்ள மரத்தில் புதுப் பாலிஷ் பிடிக்காது, அந்த இடத்தை அவர் முதலில் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும்.